சளி பிடித்த குழந்தைக்கு ஆவி வேண்டாம்

குழந்தைக்கு மூக்கு அடைத்துக்கொண்டால் நம் வீடுகளில் முதலில் அடுப்பில் ஏறுவது வெந்நீர்தான். அகலமான பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, நொச்சி இலையையோ மஞ்சள்தூளையோ யூகலிப்டஸ் தைலத்தையோ போட்டு, கூடத்துக்குத் தூக்கி வந்து குழந்தையின் முன்னால் வைத்து, தலையோடு போர்வையைப் போர்த்துவோம். அக்கறையால் செய்வதுதான். ஆனால் தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இந்தக் காட்சி வேறு விதமாகத் தெரியும். தொடையும் அடிவயிறும் வெந்துபோய் வரும் ஐந்து வயது, எட்டு வயதுப் பிள்ளைகளின் வீட்டாரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பலமுறை அவர்கள் கேட்கும் பதில் "சளிக்கு ஆவி பிடிச்சோம்" என்பதுதான்.

ஆவி பிடிக்கும்போது நேரும் காயத்தை ஆவியால் முகம் வெந்துபோவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதனால் "கொஞ்சம் தள்ளி உட்கார், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதே" என்று எச்சரிக்கிறார்கள். முகத்தில் சூடு பட்டுக் காயப்படுவதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலான குழந்தைகள் வெந்துபோவது ஆவியால் இல்லை, பாத்திரம் கவிழ்ந்து கொதிநீர் கொட்டுவதால். காயம் படும் இடமும் முகம் இல்லை. தொடை, இடுப்பு மடிப்பு, பிறப்புறுப்பு, புட்டம், அடிவயிறு, சில நேரம் பாதம்.

எப்படிக் கவிழ்கிறது என்று பார்ப்போம். நான் சொல்லப்போவது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை இல்லை. இப்படி வரும் காயங்களுக்குப் பொதுவாக உள்ள சங்கதிகளைச் சேர்த்துச் சொல்கிறேன். ஆறு வயதுப் பையன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு குட்டை ஸ்டூலின் மேல், அவன் மடிக்கு நேர் முன்னால், இரண்டு லிட்டர் வெந்நீர். பாட்டி பெரிய போர்வையால் அவனையும் பாத்திரத்தையும் சேர்த்து மூடுகிறார். உள்ளே இருட்டு. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது. "போதும் ஆயா, விடு" என்கிறான். "இன்னும் கொஞ்ச நேரம்டா கண்ணு, நெஞ்சுச் சளி இளகட்டும்" என்று அவர் தலையை மெல்ல அழுத்திப் பிடிக்கிறார். பையன் பின்னால் விலகப் பார்க்கிறான், முழங்கால் ஸ்டூலில் இடிக்கிறது. அப்படி இடிக்காவிட்டாலும், போர்வையின் ஒரு முனை பாத்திரத்தின் விளிம்பிலோ பிடியிலோ சிக்கியிருக்கும். அவன் போர்வையை உதறிக்கொண்டு எழும்போது பாத்திரமும் கூடவே இழுபட்டு வரும். வெளியே இருக்கும் பெரியவருக்கு உள்ளே நடப்பது தெரியாது. தெரிந்து கை நீட்டுவதற்குள் தண்ணீர் மடியில் இறங்கியிருக்கும்.

இந்த இடத்தில் பெரியவர் கவனமாக இருந்தாரா என்ற கேள்விக்கே பொருளில்லை. தோல் வேகும் வேகம் அப்படி. 60 டிகிரி சூடுள்ள தண்ணீர் பெரியவர்களின் தோலில் ஐந்து வினாடி நின்றால் ஆழமான புண் உண்டாகிவிடும். 70 டிகிரியில் ஒரு வினாடிகூடத் தேவையில்லை. குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு இதைவிடக் குறைந்த நேரமே போதும். அடுப்பிலிருந்து இறக்கி ஐந்து நிமிடம் ஆன பிறகும் அந்தப் பாத்திரத்துத் தண்ணீர் இந்தச் சூட்டைவிட மேலேதான் இருக்கும். போர்வை போர்த்திய பாத்திரம் இன்னும் மெதுவாகத்தான் ஆறும். பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வதால் இதைத் தடுக்க முடியாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், நடந்த விபத்துகளில் பலவற்றில் பெரியவர் ஒருவர் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார் என்பதே.

மடியில் கொட்டும் வெந்நீருக்கு இன்னொரு கொடுமை உண்டு. சம்மணம் போட்ட கால்களுக்கு நடுவே அது தேங்கி நிற்கும். கால்சட்டையும் ஜட்டியும் அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துக்கொள்ளும். கையில் பட்டிருந்தால் சட்டென்று உதறிவிடலாம், இங்கே உதற வழியில்லை. அதனால் புண் ஆழமாகிறது. இடுப்பு மடிப்பில் உள்ள புண்ணை மலமும் சிறுநீரும் படாமல் காப்பது கடினம், ஆகவே கிருமித் தொற்று எளிதில் வரும். வீக்கத்தால் சிறுநீர் கழிக்க முடியாமல் குழாய் போட வேண்டிவரலாம். இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும் மேலோட்டமான புண் பெரிய தழும்பு விடாமல் போகலாம். மூன்று வாரத்துக்கு மேல் இழுத்தால் தழும்பு தடித்து மேலெழும்பும், சில குழந்தைகளுக்கு வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். குழந்தை வளரும், தழும்பு அந்த அளவுக்கு வளராது. தொடை இடுக்கில் அது இறுகிக் காலை முழுதாக நீட்ட முடியாமல் போனால், சில வருடம் கழித்து மறுபடியும் அறுவை சிகிச்சை. ஒரு சாதாரணச் சளி ஒரு வாரத்தில் தானாகவே போயிருக்கும் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

கொரோனா காலத்தில் இது உலகம் முழுதும் கூடியது. ஆவி பிடித்தால் வைரஸ் செத்துவிடும் என்று செய்தி பரவிய 2020-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் ஆவி பிடிக்கப் போய் வெந்துபோன குழந்தைகளின் எண்ணிக்கை வழக்கத்தைவிட 30 மடங்கு உயர்ந்ததாக அங்குள்ள மருத்துவர்கள் லான்செட் இதழில் எழுதினார்கள். நம் ஊரில் 2021-இல் இரண்டாம் அலையின்போது பொது இடங்களில் குக்கரிலிருந்து குழாய் இழுத்து ஆவி பிடிக்கவைத்தார்கள். அது தொற்றைப் பரப்பும், அப்படிச் செய்ய வேண்டாம் என்று சுகாதாரத் துறை அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொல்ல வேண்டியிருந்தது.

சரி, ஆபத்து இருக்கட்டும், பலன் இருக்கிறதா?

ஆவி வைரஸைக் கொல்லும் என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். சளி உண்டாக்கும் வைரஸ் மூக்கின் உள்தோலில் உள்ள செல்களுக்குள் இருந்து பெருகுகிறது. அங்கே இருப்பதைக் கொல்லும் அளவு சூடு போனால் அந்த உள்தோலும் சேர்ந்துதான் வேகும். தாங்கக்கூடிய சூட்டில் உள்ளே போகும் ஆவியால் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது.

மூக்கடைப்புக்கு இதமாக இருக்காதா என்றால், அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சண்டிகர் அரசு மருத்துவ உயர்கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய குழந்தை நல மருத்துவர் மீனு சிங்கும் அவருடைய சகாக்களும், சளிக்குச் சூடான ஈரக்காற்று கொடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி, காக்ரேன் அமைப்புக்காக அலசினார்கள். 2017-இல் புதுப்பித்த அந்த அலசலிலும், சளிக்கு இதைப் பரிந்துரைக்கும் அளவு உறுதியான பலன் தெரியவில்லை என்றே முடித்தார்கள். இங்கிலாந்தில் சளி, இருமல், தொண்டைவலியோடு வந்தவர்களில் ஒரு பகுதியினரை மட்டும் ஆவி பிடிக்கச் சொல்லி ஒப்பிட்ட ஆய்வு 2013-இல் வெளியானது. ஆவி பிடித்தவர்களுக்கு நோய் ஒன்றும் விரைவாகத் தணியவில்லை. அதில் 4 பேர் லேசாக வெந்துபோனதுதான் மிச்சம்.

அப்படியானால் ஆவி பிடித்ததும் மூக்கு திறந்த மாதிரி இருக்கிறதே, அது பொய்யா? பொய் இல்லை. ஈரக்காற்று காய்ந்த சளியை இளக்கும், மூக்கு ஒழுகும், சிந்தினால் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஆனால் மூக்கடைப்பு என்பது பெரும்பாலும் சளி அடைத்துக்கொள்வது மட்டுமல்ல. மூக்கின் உள்பக்கச் சுவரில் ரத்த நாளங்கள் நிறைந்த திண்டு போன்ற பகுதிகள் இருக்கின்றன. வைரஸ் தாக்கும்போது அவற்றில் ரத்தம் தேங்கி வீங்கி வழியை அடைக்கின்றன. ஆவி அந்த வீக்கத்தை வடியவைப்பதில்லை. அதனால்தான் அரைமணி நேரத்தில் பழையபடி அடைத்துக்கொள்கிறது.

தைலமும் புதினா உப்பும் செய்வது வேறு. அவை மூக்கில் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டுகின்றன. காற்று தாராளமாகப் போவதாக மூளைக்குத் தோன்றும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளிக்காகவே ஆய்வு மையம் நடத்திய ரான் எக்கிள்ஸ், மெந்தால் முகர்ந்தவர்களின் மூக்கில் காற்றோட்டத்தைக் கருவி வைத்து அளந்து பார்த்தார். மூக்கு திறந்ததாக அவர்கள் சொன்னார்கள், காற்றோட்டம் மாறவில்லை. பெரியவர்களுக்கு அந்த உணர்வு மட்டுமே போதுமானதாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு அது உதவாது, கெடுதலும் செய்யும். கற்பூரம் சேர்ந்த எந்தத் தைலத்தையும் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் நெஞ்சிலோ மூக்கிலோ தடவக் கூடாது. எந்த வயதானாலும் மூக்குத் துவாரத்துக்குள் தடவக் கூடாது. கற்பூரம் உடம்புக்குள் போனால் குழந்தைக்கு வலிப்பு வரும். பூஜைக் கற்பூரத்தைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சித் தேய்ப்பதும், துணியில் முடிந்து தூளியில் கட்டுவதும் இதனாலேயே வேண்டாம். வில்லை குழந்தையின் வாய்க்குப் போக ஒரு நிமிடம் போதும்.

மின்சாரத்தில் இயங்கும் ஆவி பிடிக்கும் கருவி வாங்கிவிட்டால் பயமில்லை என்று எண்ண வேண்டாம். அதிலும் உள்ளே இருப்பது வெந்நீர். பல கருவிகளில் மூடி சும்மா செருகித்தான் இருக்கும், ஒயர் மேசையிலிருந்து தொங்கும். தவழும் குழந்தை அதைப் பிடித்து இழுத்தால் கருவி தலைமேல் விழும்.

இனி, குழந்தையின் மூக்கை எதைக் கொண்டு திறப்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். உப்புநீர்ச் சொட்டுதான். மருந்துக்கடையில் சிறு பிளாஸ்டிக் பாட்டிலில் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. பிறந்த குழந்தைக்குக்கூடப் போடலாம். வாங்கும்போது ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். "மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து" என்று பொதுவாகக் கேட்டால், வீக்கத்தைச் சுருக்கும் சைலோமெட்டசோலின் அல்லது ஆக்சிமெட்டசோலின் கலந்ததை எடுத்துக் கொடுத்துவிடலாம். பாட்டில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அந்த மருந்து கைக்குழந்தைக்கு மூச்சையும் இதயத் துடிப்பையும் மந்தமாக்கிவிடக்கூடியது. பெரிய குழந்தைக்கும் நாட்கணக்கில் போட்டால், நிறுத்தும்போது மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் அதை வாங்க வேண்டாம். உப்புநீர்ப் பாட்டிலின் மேல் சோடியம் குளோரைடு என்றுதான் போட்டிருக்கும், பக்கத்தில் 0.65 அல்லது 0.9 சதவீதம் என்று இருக்கும். வேறு மருந்துப் பெயர் எதுவும் இருக்கக் கூடாது.

போடும் விதத்தில்தான் பலன் இருக்கிறது. பலரும் அழும் குழந்தையின் மூக்கில் அவசரமாக ஒரு சொட்டு விட்டுவிட்டு, இது வேலை செய்யவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். பாட்டிலை முதலில் உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்திருங்கள், சில்லென்று பட்டால் குழந்தை திமிறும். மடியில் மல்லாக்கக் கிடத்தி, தோளுக்குக் கீழே மடித்த துண்டு ஒன்றை வைத்தால் தலை லேசாகப் பின்னால் சாயும். ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு. பாட்டிலின் முனை மூக்கில் படக் கூடாது, பட்டால் கிருமி உள்ளே போகும். ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும், உப்புநீர் காய்ந்த சளியை ஊறவைக்க அந்த நேரம் வேண்டும். பிறகு நிமிர்த்தித் தோளில் போட்டுக்கொள்ளுங்கள். பாதிச் சளி தும்மலில் வெளியே வந்துவிடும், மீதியில் கொஞ்சம் தொண்டை வழியாக வயிற்றுக்குள் போகும். சளியை விழுங்கினால் கெடுதல் என்று பயப்பட வேண்டாம், வயிறு அதைச் செரித்துவிடும்.

வெளியே தெரியும் சளியை எடுக்க ரப்பர் குமிழ் உறிஞ்சி கிடைக்கிறது. குமிழை முதலில் வெளியே வைத்து அழுத்திக் காற்றை நீக்கிவிட்டு, முனையைத் துவாரத்தின் வாசலில் மட்டும் வைத்து, பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும். மூக்குக்குள் வைத்துக்கொண்டு அழுத்தினால் சளி இன்னும் உள்ளேதான் போகும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறைக்கு மேல் உறிஞ்ச வேண்டாம், திரும்பத் திரும்ப உறிஞ்சினால் உள்தோல் புண்ணாகி வீக்கம் கூடும். சொட்டை மட்டும் அதைவிட அடிக்கடி போடலாம். எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னால் ஒரு முறை, தூங்கவைக்கும் முன் ஒரு முறை. முதல் சில மாதங்களில் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சுவிடும். மூக்கு அடைத்திருந்தால் மார்பைப் பிடித்து இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு, மூச்சுக்காக விட்டுவிட்டு அழும். பசியும் தூக்கமும் கெடுவது அதனால்தான். பால் கொடுத்த பிறகு போட்டால் கக்கிவிடும்.

கடைக்குப் போக முடியாத இரவில் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்ட 200 மில்லி தண்ணீரில் மேவிய கால் டீஸ்பூன் தூள் உப்பு. நாக்கில் வைத்தால் கண்ணீர் அளவுக்குத்தான் கரிக்க வேண்டும், அதற்கு மேல் கரித்தால் எரியும். சுத்தமான சொட்டுக் குழாயில் எடுத்துப் போடுங்கள், அடுத்த நாள் புதிதாகச் செய்யுங்கள். கொதிக்கவைக்காத குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ எந்தக் காரணத்துக்கும் மூக்குக்குள் போகக் கூடாது. கேரளத்தில் அண்மை ஆண்டுகளில் பல உயிர்களைப் பறித்த மூளை தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது.

உப்புநீர் ஏதோ மனத் திருப்திக்குச் செய்வதல்ல. எடின்பரோ பல்கலைக்கழகத்தார் ஆறு வயது வரையுள்ள 407 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வை 2024-இல் வெளியிட்டார்கள். சாதாரணத்தைவிடச் சற்று அடர்த்தியான உப்புநீரை ஒவ்வொரு துவாரத்திலும் மூன்று சொட்டு, நாளுக்கு நான்கு முறையாவது போட்ட குழந்தைகளுக்குச் சளி சராசரியாக 6 நாளில் நின்றது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 8 நாள் ஆனது. உப்பில் உள்ள குளோரைடை வைத்துச் செல்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருளை உண்டாக்குகின்றன என்பது அவர்களின் விளக்கம். இது இன்னும் பல இடங்களில் செய்து உறுதிப்பட வேண்டிய முடிவு, அந்த அடர்த்தியில் நாமாகவே கலந்து போட வேண்டியதில்லை. ஆனாலும், ஆவியைச் சோதித்தபோது கிடைக்காத பலன் இங்கே தெரிகிறது.

மற்றபடி சளிக்கு வேறு பெரிய வித்தை எதுவும் கிடையாது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை அளவில் குறைத்து, அடிக்கடி கொடுக்கலாம். பெரிய குழந்தைக்கு வெதுவெதுப்பான ரசமோ கஞ்சியோ சூப்போ தொண்டைக்கு இதம், சளியும் இளகும். அதையும் மடியில் வைத்துக் கொடுக்காமல் ஆறவைத்து மேசையில் கொடுங்கள். விழித்திருக்கும்போது குழந்தையை நிமிர்த்தித் தூக்கி வைத்திருந்தால் மூக்கின் வீக்கம் சற்றுக் குறையும். ஆனால் ஒரு வயதுக்குள் உள்ள குழந்தை தூங்கும்போது தலைக்குத் தலையணை வைக்க வேண்டாம், அது மூச்சை அடைக்கும். ஒரு வயது தாண்டியிருந்தால் இருமலுக்கு இரவில் அரை டீஸ்பூன் தேன் தரலாம், ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. சளி மருந்து வேண்டாம். குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் இரண்டும் கலந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. வீட்டு அலமாரியில் போன முறை மீந்த பாட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எந்த வீட்டிலாவது வெந்நீர் கொட்டிவிடலாம், ஆவிக்கு வைத்தது இல்லாவிட்டாலும் குளிக்க வைத்தது. அப்போது முதல் அரைமணி நேரத்தில் செய்வதுதான் புண்ணின் ஆழத்தைத் தீர்மானிக்கும். குழந்தையைத் தூக்கிய கையோடு நனைந்த துணியைக் கழற்றுங்கள், டயப்பரையும் அரைஞாணையும் கொலுசையும் சேர்த்து. தோலோடு ஒட்டிய துணியை மட்டும் இழுக்காமல் விட்டுவிடுங்கள். பிறகு வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீர் ஓட வேண்டும், 20 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம், ஏனென்றால் குழந்தை அலறும்போது இரண்டு நிமிடமே யுகமாகத் தெரியும், எல்லாரும் அதற்குள் நிறுத்திவிடுகிறார்கள். மேல்தோல் குளிர்ந்தாலும் அடியில் தங்கிய சூடு தொடர்ந்து வேகவைத்துக்கொண்டே இருக்கும், அதை வெளியேற்றத்தான் இவ்வளவு நேரம். கோடையில் நம் மாடித் தொட்டித் தண்ணீரே சுடும், கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுட்டால் குடத்துத் தண்ணீரையோ மண்பானைத் தண்ணீரையோ ஊற்றுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம், அது தோலை இன்னும் கெடுக்கும். வெந்து மூன்று மணி நேரம் வரையிலும்கூடத் தண்ணீர் ஊற்றுவதால் பயன் உண்டு. தண்ணீர் ஊற்றும்போது உடம்பின் மற்றப் பகுதியைத் துண்டால் போர்த்திவிடுங்கள், சின்னக் குழந்தை சீக்கிரம் விறைத்துப்போகும்.

பற்பசை, இங்க், தோசை மாவு, காபித்தூள், மஞ்சள், எண்ணெய் எதையும் பூச வேண்டாம். அவை சூட்டை உள்ளே பூட்டிவைக்கும், மருத்துவமனையில் அதைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தை இரண்டாம் முறை துடிக்கும். கொப்புளத்தை உடைக்காமல், துவைத்த வேட்டித் துணியால் தளர்வாக மூடி, 108-ஐ அழையுங்கள். குழந்தையின் விரல்கள் சேர்ந்த உள்ளங்கை அதன் உடம்பின் பரப்பில் ஏறத்தாழ ஒரு சதவீதம். வெந்த இடம் அந்தக் கையளவைவிடப் பெரிதாக இருந்தாலோ, சிறிதே ஆனாலும் முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு என்ற இடங்களில் இருந்தாலோ, தீக்காயச் சிகிச்சை உள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பத்துக் கையளவுக்குச் சிரை வழியாக உடனே திரவம் ஏற்ற வேண்டியிருக்கும், சிறு கிளினிக்கில் நேரம் கடத்தக் கூடாது.

மூக்கடைப்போடு வந்த குழந்தைக்கு ஆவியோ சொட்டோ அல்ல, மருத்துவரே வேண்டும் என்று காட்டும் அடையாளங்களும் உண்டு. குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் என்றால் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் மூக்கடைப்பு இல்லை, நுரையீரலைப் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவது, முனகல், உதடு நீலம் பாய்வது, பால் குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தாலே காட்டிவிட வேண்டும்.

இன்னொரு அடையாளத்தைப் பலரும் சளி என்றே நினைத்து வாரக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்து, அந்தப் பக்கம் மட்டும் துர்நாற்றத்தோடு ஒழுகினால், உள்ளே புளியங்கொட்டையோ பாசிமணியோ ஸ்பாஞ்சுத் துண்டோ இருக்கும். வீட்டில் கொண்டை ஊசியால் நோண்டினால் அது இன்னும் உள்ளே போகும். காது மூக்கு தொண்டை மருத்துவர் சிறு கருவியால் எடுத்துவிடுவார். உள்ளே போனது பொம்மையில் உள்ள பொத்தான் பேட்டரியாக இருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் மட்டும் அப்போதே கிளம்புங்கள், சொட்டு மருந்துகூட விட வேண்டாம். ஈரம் பட்டால் அது சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டையாக்கிவிடும்.